ஊசித் துளையில் முட்டுவது எது?

மொபைல் சர்வீஸ் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்த வசனம் ஒரு தடவையாவது காதில் விழும்: "தம்பி, சிம் ட்ரே வரமாட்டேங்குது. ஓட்டை அடைச்சிக்கிச்சு போல." கடைக்காரர் போனை வாங்கி, கவரைக் கழற்றி, ஒரு பின்னை எடுத்துக் குத்துவார். பாதிப் பேருக்கு அந்த இடத்திலேயே ட்ரே வெளியே வந்துவிடும். வாடிக்கையாளர் கொஞ்சம் அசடு வழிந்தபடி போனை வாங்கிக்கொண்டு போவார்.

அவர் ஏமாந்ததற்குக் காரணம் உண்டு. பின் உள்ளே போய் எதிலோ முட்டி நிற்கிறது. முட்டுகிறது என்றால் அடைப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தத் துளையில் பின் முட்டியே ஆக வேண்டும். முட்டாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால்தான் கவலைப்பட வேண்டும். ஆகவே, எத்தனை ஆழத்தில் முட்டுகிறது, முட்டும்போது விரலுக்கு எப்படித் தெரிகிறது என்ற இரண்டையும் கவனித்தால் போதும். உள்ளே இருப்பது அழுக்கா, இயந்திரமா, அல்லது அது சிம் துளையே இல்லையா என்பது வெளியிலிருந்தே பிடிபட்டுவிடும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ட்ரேயின் வெளிமுகத்தில் இருக்கும் துளை வழியாகப் பின் நுழைகிறது. ட்ரேயின் பக்கவாட்டை ஒட்டி உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தண்டு கிடக்கும். பின் அந்தத் தண்டின் நுனியைத் தொட்டுத் தள்ளுகிறது. தண்டின் மறுமுனை சிம் அறையின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்துகிறது. அந்த நெம்புகோல் நடுவில் ஆணியடித்த சீசாப் பலகை மாதிரி. ஒரு கை உள்ளே போனால் மறு கை வெளிப்பக்கம் திரும்பி, ட்ரேயின் பின்முனையை உந்தும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ட்ரேயைத் துள்ளி வெளியே எறிகிற சுருள்வில் எதுவும் அங்கே இல்லை. நம் விரல் கொடுக்கும் அழுத்தம்தான் முழுக்க முழுக்க வேலை செய்கிறது. எனவே ட்ரே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வெளியே எட்டிப் பார்க்கும். மீதியை நகத்தால் பற்றி இழுக்க வேண்டும். பேனாவின் பொத்தானை அமுக்கியதுபோல் 'டிக்' என்று வந்துவிடும் என எதிர்பார்ப்பவர்கள், பாதி வழியிலேயே "இது அடைப்புதான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த அழுத்தத்தை எதிர்ப்பது நெம்புகோல் மட்டுமல்ல. சிம் கார்டின் பொன்னிறத் தகடுகளை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் சிறு சிறு தொடுமுனைகள் உண்டு. தண்ணீர் புகாத வகை போன்களில் ட்ரேயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறக்காத ட்ரேயில் அந்த ரப்பர் சுவரோடு நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட போனுக்கு முதல் தடவை நாம் நினைப்பதைவிட அதிக அழுத்தம் வேண்டும். அதைக் குத்தலாகக் கொடுக்காமல், நிதானமாக ஏறிக்கொண்டே போகும் ஒரே அழுத்தமாகக் கொடுக்க வேண்டும்.

சரி, நாம் குத்துவது சரியான துளையைத்தானா? சிரிக்க வேண்டாம். போனின் விளிம்பில் ஒரே அளவாகத் தெரியும் துளைகள் இரண்டு மூன்று இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டு மைக்குக்கு உரியவை. சில மாடல்களில் சிம் ட்ரேயும் மைக் துளையும் விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் கண் ஏமாறுவது சுலபம். அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி: சிம் ட்ரேக்கு நீள்வட்டமாக ஒரு மெல்லிய பிளவுக்கோடு இருக்கும், விரல் நகத்தை அதன் மேல் குறுக்காக ஓட்டினால் தட்டுப்படும். பெரும்பாலான போன்களில் பின் போடும் துளை அந்தக் கோட்டுக்கு உள்ளேயே, ட்ரேயின் ஒரு ஓரத்தில் இருக்கும். சட்டத்தில் தன்னந்தனியாக, சுற்றிலும் எந்தக் கோடும் இல்லாமல் இருக்கும் துளையில் பின்னை வைக்காதீர்கள். அது மைக்.

மைக் துளையில் ஏற்கெனவே குத்திவிட்டவர்கள் பதற வேண்டாம், ஆனால் சோதித்துக்கொள்ளலாம். துளைக்குப் பின்னால் தூசியைத் தடுக்கும் ஒரு நுண்ணிய வலை இருக்கும். அது கிழிந்தாலோ மைக்கே அடிபட்டாலோ குரல் அமுங்கியோ கரகரத்தோ பதிவாகும். வாய்ஸ் ரெக்கார்டரில் பத்து வார்த்தை பேசிக் கேளுங்கள். பிறகு வீடியோ ஒன்று எடுத்து அதன் ஒலியையும் கேளுங்கள். இரண்டையும் கேட்கச் சொல்வதற்குக் காரணம், போனில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் இருப்பதுதான். சாதாரண அழைப்புக்குக் கீழ் மைக் முன்னால் நிற்கும். வீடியோவிலும் ஸ்பீக்கரிலும் பேசும்போது மேல் மைக்கும் சேர்ந்துகொள்ளும். ஒன்று பழுதானது மற்றதில் தெரியாமல் போகலாம்.

துளை சரி என்றால் அடுத்து கையில் இருக்கும் கருவி. போனோடு வரும் பின் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் தடிமன், நுனி மழுங்கியிருக்கும். இந்த அற்பப் பொருளுக்கும் ஒரு கௌரவமான சரித்திரம் உண்டு. ஆப்பிள் நிறுவனம் லிக்விட்மெட்டல் என்ற உறுதியான கலப்பு உலோகத்தின் உரிமையை 2010-ல் வாங்கியபோது, இதை வைத்து என்ன அதிசயம் செய்யப்போகிறார்களோ என்று உலகம் காத்திருந்தது. அந்த உலோகம் முதலில் ஐபோனில் தலைகாட்டியது சிம் பின்னாகத்தான். வளையாத பின் ஒன்று எவ்வளவு அவசியம் என்பது ஜெம் கிளிப்போடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் அந்தப் பின் தொலைந்திருக்கும், அது உலக நியதி. சிறிய ஜெம் கிளிப் நல்ல மாற்று. அதன் கம்பி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய கிளிப் துளையில் நுழையாது. கிளிப்பை முழுவதும் நீட்டிவிடாமல் ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும் நேராக்கி, மீதியை மடிந்தபடியே விட்டால் கைப்பிடியும் கிடைக்கும், அழுத்தும்போது வளையவும் செய்யாது. ஸ்டேப்ளர் பின் வேண்டாம். சாதாரண 10-ஆம் நம்பர் பின்னின் கம்பி அரை மில்லிமீட்டர்தான். அழுத்தினால் வளையும், சில சமயம் ஒடிந்து உள்ளேயே தங்கும். அப்போதுதான் நிஜமான அடைப்பு உண்டாகிறது. குண்டூசியும் ஊக்கும் கூர்மையானவை. தண்டின் நுனியில் நேராக உட்காராமல் பக்கவாட்டில் சறுக்கி, சுவரைக் கீறும். பெண்கள் அவசரத்துக்குக் கம்மலைக் கழற்றிக் குத்துவதைப் பார்த்திருக்கிறேன். திருகு போட்ட தண்டு துளையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும், தங்கமோ மென்மையானது. போனுக்கும் நஷ்டம், கம்மலுக்கும் நஷ்டம்.

இப்போது சோதனைக்கு வருவோம். கவரைக் கழற்றுங்கள். கவரின் துளையும் போனின் துளையும் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால்கூடப் பின் சாய்ந்து போகும். போனை அணைத்துவிடுங்கள், மெமரி கார்டு அதே ட்ரேயில் இருந்தால் இது இன்னும் முக்கியம். பின்னைத் துளைக்குச் செங்குத்தாக, அழுத்தாமல், அது தானாகப் போகும் வரை மட்டும் நுழையுங்கள். நின்ற இடத்தில், போனின் விளிம்பை ஒட்டிப் பின் மேல் நகத்தை வைத்துப் பிடித்து வெளியே எடுங்கள். நகத்திலிருந்து நுனி வரை எவ்வளவு என்று பாருங்கள்.

ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் என்றால், துளையின் வாயிலேயே ஏதோ இருக்கிறது. அது மெத்தென்று இருந்தால் பஞ்சு, பாக்கெட்டில் இருந்து வந்த நூல் துணுக்கு. கரகரவென்று இருந்தால் மண் அல்லது இறுகிய தூசு. பின் பாதியளவேனும் உள்ளே போய், அதன்பிறகு தெளிவாக ஒரு பொருளில் உட்கார்ந்து, லேசாக அழுத்தினால் கொஞ்சம் நகர்ந்து கொடுத்து எதிர்த்தால், நீங்கள் தண்டைத் தொட்டுவிட்டீர்கள். அடைப்பு எதுவும் இல்லை. இனித் தேவை அழுத்தம். போனை உள்ளங்கையில் எதிர்ப்பக்கம் தாங்கும்படி பிடித்து, கட்டைவிரலின் சதைப்பகுதியால் பின்னை நேராக அமுக்குங்கள். சாய்ந்தால் தண்டு சுவரில் உராய்ந்து நின்றுவிடும். மூன்றாவது வகை, பின் முழுவதும் தடையில்லாமல் போய்விடுவது. நெம்புகோல் கழன்றிருக்கலாம் அல்லது தண்டு இடம் மாறியிருக்கலாம். அதற்குப் பிறகு வருவோம்.

உண்மையான அடைப்பு எப்படி இருக்கும் என்பதைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு கடையில் ஒருநாள் பார்த்தேன். வந்தவர் கொத்தனார். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு பூச்சு வேலை செய்பவர். வேறு கம்பெனி சிம்முக்கு மாற வேண்டும், ட்ரே வரவில்லை.

"நானும் வீட்ல ஊக்கு, ஊசி எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் தம்பி."

"போட்டீங்களா? அப்ப உள்ள நல்லா இடிச்சு வச்சிருப்பீங்கண்ணே," என்றார் கடைக்காரப் பையன்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. முன்னால் குத்தியவர்கள் தூசியை வெளியே எடுப்பதில்லை, உள்ளே தள்ளி இறுக்குகிறார்கள். அவர் முதலில் பின்னை எடுக்கவேயில்லை. இன்னொரு போனின் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, மூன்றாவது போனின் கேமராவை ஜூம் செய்து துளையைப் படமெடுத்தார். வெறும் கண்ணுக்குக் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது, திரையில் சாம்பல் நிற மேடாகத் தெரிந்தது. சிமென்ட். வியர்வையின் ஈரத்தில் அது துளைக்குள்ளேயே கெட்டிப்பட்டிருந்தது. பின் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகவில்லை. சத்தம்கூடக் 'கர்' என்று வந்தது.

துளை தரையைப் பார்க்கும்படி போனைத் தலைகீழாகப் பிடித்தார். இது மிக முக்கியம்; உடைகிற துகள் உள்ளே போகாமல் கீழே விழ வேண்டும். மெல்லிய தையல் ஊசியை எடுத்துக் குத்தாமல், துளையின் ஓரத்தில் வைத்து விரல்களுக்கிடையே உருட்டினார். ஊசி சுழலச் சுழல ஓரத்திலிருந்து பொடி உதிர்ந்தது. மூன்று நான்கு உருட்டலுக்கு ஒருமுறை நிறுத்தி, காய்ந்த டூத் பிரஷ்ஷால் வெளிப்புறமாகத் துடைத்தார். மறுபடியும் படம். மேட்டின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. மறுபடியும் உருட்டல். கூர்மையான ஊசி கூடாது என்று மேலே சொன்னேனே என்று கேட்கலாம். ட்ரேயைத் தள்ளத்தான் கூடாது; துளையின் வாயில் ஒட்டியிருப்பதைச் சுரண்ட அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அதை விடாமல் இருக்கும் கட்டுப்பாடு வேண்டும், அவ்வளவே.

"ஒரு சொட்டு தண்ணி விட்டா இளகாதா?" என்று கொத்தனார் கேட்டார்.

"சிமென்ட் வேலை பாக்குறவரு நீங்களே இதைக் கேக்கலாமாண்ணே?"

இருவரும் சிரித்தார்கள். தண்ணீர் சிமென்ட்டை இளக்காது. போனுக்குள் மட்டும் இறங்கும். எண்ணெயும் வேண்டாம். தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ ஒரு துளி விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது உள்ளே பரவி, அடுத்த மாதத் தூசியைப் பிடித்துப் பசையாக்கும். வினிகர், எலுமிச்சைச் சாறு போன்றவை உலோகச் சட்டத்தையும் தொடுமுனைகளையும் அரிக்கும். வியர்வைப் பிசுக்கும் பவுடரும் சேர்ந்த ஒட்டலான அழுக்கு என்றால், கடைக்காரர்கள் ஐபிஏ என்று சொல்லும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பின் நுனியை நனைத்து, உதறிவிட்டுத் தொடலாம். அது சீக்கிரம் ஆவியாகிவிடும். பெயின்ட் தின்னரை அதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கையும் பூச்சையும் தின்றுவிடும். வாயால் ஊதுவதும் எச்சில் ஈரத்தை உள்ளே அனுப்பும் வேலைதான்.

துளை திறந்த பிறகு பையன் சிம் பின்னை நுழைத்தார். இந்தமுறை ஆழமாகப் போய் நின்றது, அழுத்தத்துக்கு இசைந்து கொடுத்தது. நிதானமாக அமுக்கினார். ட்ரே ஒரு தலைமயிர் அளவு எட்டிப்பார்த்து அப்படியே நின்றது. இங்கேதான் அனுபவம் இல்லாதவர்கள் இடுக்கியைத் தேடுவார்கள். அவர் அழுத்துவதை நிறுத்தி, ட்ரேயை விரலால் மறுபடியும் உள்ளே தள்ளிவிட்டார். ட்ரேயைச் சுற்றியுள்ள பிளவிலும் அதே சிமென்ட் இருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றால் பிளவு நெடுகக் கீறி, பிரஷ்ஷால் தட்டி, மீண்டும் அமுக்கினார். கூடவே மறு கையின் நகத்தை ட்ரேயின் எதிர் ஓரத்தில் கொடுத்தார். நெம்புகோல் ஒரு பக்கத்தில் மட்டுமே உந்துவதால் ட்ரே கோணலாகச் சிக்கும். மறுபக்கமும் நகம் தாங்கினால் நேராக வரும். வந்தது.

துளை சுத்தமாக இருந்தும், பின் தண்டைத் தொட்டும், ட்ரே வராமல் அடம்பிடித்தால் குற்றவாளி உள்ளே இருக்கிறார். அநேகமாக சிம் கார்டேதான். பழைய மைக்ரோ சிம்மைக் கத்தரியால் வெட்டி நானோ ஆக்கிப் போட்டவர்கள் நம்மில் ஏராளம். அதன் நீள அகலத்தை வெட்டிச் சரிசெய்யலாம், தடிமனைச் செய்ய முடியாது. மைக்ரோ சிம் 0.76 மில்லிமீட்டர், நானோ 0.67 மில்லிமீட்டர். அந்த 0.09 மில்லிமீட்டர் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் சிம் அறையின் உயரம் நானோவுக்கென்றே அளந்து செய்யப்பட்டது. வெட்டிய சிம் நுழையும்போது இறுகிப் போகும். திரும்பும்போது தொடுமுனைகளில் மாட்டிக்கொள்ளும். பலவந்தமாக இழுத்தால் தொடுமுனைகள் பிய்ந்துவிடும். அதன்பிறகு எந்த சிம் போட்டாலும் போன் 'நோ சிம்' என்றே சொல்லும்.

இதைவிட விபரீதமானது, இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம் இருக்கும் போன்களில் இரண்டையும் சேர்த்து அனுபவிக்க நினைத்தவர்களின் கைவேலை. சிம்மின் தகட்டைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிரித்து மெமரி கார்டின் மேல் ஒட்டி உள்ளே அனுப்புவார்கள். சில மாதம் ஓடும். போன் சூட்டில் பசை இளகி, தகடு நகர்ந்து அறையின் கூரையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ட்ரே எங்கே வரும்?

சிம் இடம் பெயர்ந்துதான் சிக்கியிருக்கிறது என்று சந்தேகப்பட்டால், ட்ரேயை உள்ளே முழுக்கத் தள்ளிவிட்டு, ட்ரேயில் சிம் உட்காரும் பக்கம் மேலே இருக்கும்படி போனைப் படுக்கவைத்து, உள்ளங்கையில் லேசாகத் தட்டி, பிறகு முயன்று பார்க்கலாம். பெரும்பாலான மாடல்களில் திரை மேலே இருக்கவேண்டுமா கீழே இருக்கவேண்டுமா என்பது வேறுபடும் என்பதால் இரண்டு விதமாகவும் செய்யலாம். சிம் தன் குழிக்குள் விழுந்துவிட்டால் ட்ரே வந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் வந்து ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றால் நிறுத்திவிடுங்கள். கடையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ட்ரேக்கு மேலே செருகி, தொடுமுனைகளுக்கும் சிம்முக்கும் இடையே அதை ஓட்டி, அதன்பின் இழுப்பார்கள்.

போன் கீழே விழுந்து சட்டம் நெளிந்திருந்தாலும் ட்ரே பிடித்துக்கொள்ளும். அதை விளிம்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பின்மூடி லேசாக உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். அப்போது சிம்மை மறந்துவிட்டு, எதையும் குத்தாமல், போனை அணைத்து நேரே கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பின் தடையே இல்லாமல் உள்ளே போகும் மூன்றாவது வகைக்கு வீட்டில் வைத்தியம் இல்லை. பின்னின் நுனியில் சூப்பர் க்ளூ தடவி ட்ரேயோடு ஒட்டி இழுக்கும் யோசனை ஊரெல்லாம் உலவுகிறது. பசை பிளவில் வழிந்தால் ட்ரேயும் சட்டமும் ஒன்றாகிவிடும். கடையில் பின்மூடியைச் சூடாக்கி, பசை இளகியதும் திறந்து, ட்ரேயைப் பின்னாலிருந்து தள்ளி எடுத்து, நெம்புகோல் இருக்கும் சிம் அறையைப் பார்ப்பார்கள். சில போன்களில் அந்த அறை தாய்ப்பலகையோடு பற்றவைத்திருக்கும். அப்போது கூலி ஏறும், திறந்த போனின் நீர்க்காப்பும் பழையபடி இருக்காது. வேலைக்குச் சம்மதிக்கும் முன் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிம்மை எடுக்க வேண்டிய காரணமே வேறு போனுக்கு மாறுவதுதான் என்றால், பழைய போனைத் திறக்காமலே காரியம் முடியும். ஜியோ, ஏர்டெல், வி ஆகியவற்றின் கடையில் அடையாள அட்டையோடு போனால் அதே எண்ணுக்கு மாற்று சிம் கிடைக்கும். புதிய போன் ஏற்குமானால் இ-சிம்மாகவும் வாங்கலாம். புது சிம் உயிர்பெற்றதும் சிக்கிக் கிடக்கும் பழைய சிம் செத்துவிடும். ஆனால் இந்தியாவில் மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். நிறுத்திவைக்கப்படும், மோசடிக்காரர்கள் பிறர் எண்ணைக் கைப்பற்றி வங்கிப் பணத்தை எடுக்காமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. அந்த ஒருநாள் வங்கியின் ஓடிபி வராது. மறுநாள் கடன் தவணை கட்ட வேண்டியவர்கள், ரயில் டிக்கெட் எடுக்க வேண்டியவர்கள் அதை முடித்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.